விசீம்: இதழுருவா, வாயுருவா?

நிலா: அசைவூட்டப் பாத்திரம் பேசும்போது ஒலிக்கேற்ப வரைகிற வாயின் வடிவத்தை ஆங்கிலத்தில் விசீம் என்கிறார்கள். பல ஒலியன்களுக்கு ஒரே வடிவம் போதும். ப, ம இரண்டுக்கும் மூடிய வாய்தான். ‘இதழுரு’ என்று வைக்கலாமா?

கதிர்: இதழை மட்டும் சொன்னால் நாக்கு விடுபடுகிறது. தமிழின் சிறப்பான ழகரத்துக்குத் தனி வடிவம் வரைய வேண்டாமா?

மாறன்: நாக்கு விடுபடுகிறது என்பது சரி, ஆனால் ழகரம் அதற்குச் சான்றாகாது. ழ, ள, ண மூன்றிலும் நாக்கு உள்ளே வளைந்து மறைந்துவிடும். பார்ப்பவருக்குத் தெரிவது பாதி திறந்த வாய்தான். தகரத்தில்தான் நுனிநாக்கு மேற்பல்லருகே கண்ணில் படும். ஆகவே என் வாக்கு ‘வாயுரு’வுக்கு.

உண்மையான சிக்கல் குற்றியலுகரம். ‘பார்த்து வைத்து விட்டுப் போ’ என்ற வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒலிக்கு எந்த வாய் என்று சொல்லும் ஆங்கில அட்டவணைப்படி உகரம் வந்தாலே உதடு குவிய வேண்டும். அப்படி வரைந்தால் த்து, த்து, ட்டு என மூன்று இடங்களில் பாத்திரம் முத்தமிடுவதுபோல் வாயைக் குவிக்கும். பேச்சில் அந்த உகரங்கள் குவிவதில்லை. பல் தெரியச் சற்றே திறந்த வாய் போதும். பிறகு ‘ப்போ’வின் இரட்டை ஒற்றுக்கு வாய் மூடியே நிற்க வேண்டும். நொடிக்கு 24 பிரேம் என்றால், தனி மகரத்துக்கு 2 பிரேம் கொடுக்கிற நான் இங்கே 4 கொடுப்பேன். முழுக் குவிப்பு ‘போ’வில் மட்டும். முன்பே மூன்று முறை குவித்திருந்தால் அந்த ‘போ’வின் அதட்டல் எடுபடாது.

சோதிப்பது எளிது: ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிடுங்கள். சொல் முடியும் இடமெல்லாம் வாய் குவிந்தால் அட்டவணை தவறு.

செல்வி: வேற்றுமொழிப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிறேன். வாயசைவுக்கேற்பச் சொல்லை மாற்றுவதற்கும் இந்தப் பெயர்தானா?

நிலா: அது வேறு வேலை, செல்வி. அங்கே வாய் முன்பே வரையப்பட்டிருக்கிறது. மாறன், ‘பசு’, ‘குரு’ என்று முடிந்தால்?

மாறன்: அவை முற்றியலுகரம், குவிக்கலாம். மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒலிப்பதிவைக் கேட்டு வாய் வடிவங்களைக் குறித்துத் தரும் Rhubarb என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஆங்கிலச் சொல்லறிவை விட்டு ஒலியை மட்டும் கேட்கச் சொல்லலாம்:

```
rhubarb -r phonetic -o vaay.tsv vasanam.wav
```

வெளியீட்டில் F என்று வரும் குவிந்த வாய்களைச் சொல்லிறுதியில் தேடி, பல் தெரியச் சற்றே திறந்த வாயான B ஆகக் கையால் மாற்றுங்கள்.

கதிர்: ‘போட்டு’? முன்னாலேயே ஓகாரம் குவிந்திருக்கிறதே, இறுதியில் அந்தக் குவிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளாதா?

மாறன்: பேசுபவரைப் பொறுத்தது. நான் பாதி குவிப்பேன், வேறொருவர் ஒப்பமாட்டார்.

நிலா: அந்தப் பாதிக் குவிப்புக்கு Rhubarb-இல் E என்ற வாய் இருக்கிறது. ‘வாயுரு’ என்று குறித்துக்கொள்கிறேன். ஆனால் ‘ஒலியன்’ போல ‘அன்’ விகுதி வேண்டும் என்று யாராவது கேட்பார்கள்.

கதிர்: நான்தான் கேட்கப்போகிறேன்.