“நாளை காலை 9 மணி” என்று நான்கு மெசேஜ்: போகாத நினைவூட்டலைத் திரும்ப அனுப்பலாமா, வேறு வழியில் சொல்லலாமா?

முன்பதிவு_செல்வி

அந்தப் பெரியவர் கவுண்டரில் செல்லை நீட்டிக்கொண்டு நின்றது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கண் மருத்துவமனையில் முன்பதிவு மேசை என் வேலை. புரை அறுவை முடிந்து ஒரு வாரத்தில் வர வேண்டியவர். செவ்வாய் காலை 9 மணிக்கு அவருக்கு நேரம். திங்கள் மாலை 6 மணிக்கு வழக்கம்போல நினைவூட்டல் போனது. திரையில் டெலிவர்டு என்று வரவில்லை. “ரீசென்ட்” பட்டன் கண்ணெதிரே இருக்கிறதே, அமுக்கினேன். அரை மணி கழித்து மறுபடி. வீட்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு தடவை.

செவ்வாய்க்கிழமை ஆள் வரவில்லை. புதன் காலை எட்டே முக்காலுக்கு வந்து நிற்கிறார், இரண்டு பஸ் மாறி. “நாலு தடவை சொல்லியிருக்கீங்களேம்மா, நாளைக்கு 9 மணின்னு.” நான்கும் செவ்வாய் சாயங்காலம் வந்திருக்கின்றன. சார்ஜ் இல்லாமல் போனை அணைத்தே வைத்திருந்தாராம். அவரைப் பார்க்க வேண்டிய டாக்டர் புதன்கிழமை வருவதில்லை.

நீங்கள் எல்லாம் எப்போது திரும்ப அனுப்புவீர்கள், எப்போது போனைக் கையில் எடுப்பீர்கள்?

கடைசிபஸ்

மெசேஜ் மேலேயே தேதி இருக்குமே, அதைப் பார்க்காதது யார் தப்பு? எங்கள் டியூஷன் சென்டரில் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை அனுப்புவோம். ஒன்றாவது போய்ச் சேரும்.

முன்பதிவு_செல்வி

அண்ணே, கண் அறுவை முடிந்து ஒரு வாரம் ஆனவர். மெசேஜைப் படித்ததே பெரிது, மேலே பொடி எழுத்தில் இருக்கிற தேதியையா பார்ப்பார்?

பின்பக்கம்

கடைசிபஸ் சொல்வதில் பாதி சரி. நம் பக்கத்து இணைப்பு விட்டுப்போய் மெசேஜ் வெளியே போகவே இல்லை என்றால் திரும்ப அனுப்பத்தான் வேண்டும். செல்விக்கு நடந்தது வேறு. மருத்துவமனைகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தால் இப்படி ஒரு வரி இருந்திருக்கும்:

```
submit date:2407081802 done date:2407091611 stat:DELIVRD
```

8ஆம் தேதி மாலை 6.02க்கு வாங்கிக்கொண்டு, 9ஆம் தேதி மாலை 4.11க்குக் கொடுத்திருக்கிறது. நடுவில் அது தோற்றுப்போகவில்லை, காத்திருந்தது. போன் அணைந்திருந்தால் மெசேஜை செல்போன் கம்பெனியின் சர்வரே பிடித்து வைத்துக்கொண்டு தானாகத் திரும்பத் திரும்ப முயலும். நீங்கள் ரீசென்ட் அமுக்கியபோது அந்த வரிசையில் இன்னொரு பிரதி சேர்ந்தது, அவ்வளவுதான். போன் உயிர் பெற்றதும் நான்கும் ஒன்றாக வந்து விழும்.

அதனால் பட்டனைத் தொடுமுன் முதலில் பார்க்க வேண்டியது, மெசேஜ் இன்னும் வழியில் இருக்கிறதா, முடிந்துபோனதா என்பதை. முடிவு எதுவும் வரவில்லை என்றால் கையை வைக்காதீர்கள். `EXPIRED` என்று வந்தால் காத்திருந்து காலாவதி ஆகிவிட்டது, இனிமேல் அது போகாது, வேறு வழியில் சொல்லலாம். `UNDELIV` வந்து, கூடவே அப்படி ஓர் எண்ணே இல்லை என்று காரணமும் இருந்தால், நூறு தடவை அனுப்பினாலும் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கே பதிவேட்டைப் புரட்டி வேறு எண் தேடுங்கள்.

காத்திருக்கும் கெடுவை நாமே வைக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. விட்டால் ஒரு நாள், இரண்டு நாள் கூடக் காத்துக் கிடக்கும். நான் நினைவூட்டலைக் காலை 10 மணிக்கே அனுப்பி நான்கு மணி நேரக் கெடு வைப்பேன்:

```
validity_period = 000000040000000R
```

மதியம் 2 மணிக்குப் போனதா இல்லையா என்று முடிவு தெரிந்துவிடும். போகாதவர்களின் பட்டியல் கையில் இருக்கும், ஆபீஸ் மூட இன்னும் நேரமும் இருக்கும். மாலை 6 மணிக்கு அனுப்பினால், அது போகவில்லை என்று தெரியவரும்போது கூப்பிட ஆள் இருக்காது.

இன்னொன்று. போன் அணைந்திருப்பவரை அதே எண்ணில் கூப்பிட்டு என்ன பயன்? வாட்ஸ்அப்பும் அதே போனில்தானே, ஒற்றை டிக்கோடு நிற்கும். வேறு வழி என்றால் வேறு போன் என்று அர்த்தம்: மகன், மகள், பக்கத்து வீடு.

மின்மினி_40

எனக்கும் இதே தொல்லை. பேங்க் ஓடிபி வரவே மாட்டேன் என்கிறது. ரீசென்ட் அமுக்கினால் புதுசு வருவதற்குள் பழையது வந்துவிடுகிறது, அதைப் போட்டால் தப்பு என்கிறது. சிம்மைக் கழற்றி மாட்டினால் சரியாகுமா?

கடைசிபஸ்

இது அனுப்புகிறவர்களுக்கான பேச்சுங்க. ஆனாலும் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

நிலா_லேப்

பின்பக்கம் எழுதியதில் “பக்கத்து வீடு” என்ற சொல்லில் நின்றுவிட்டேன். நான் குழந்தைப்பேறு சிகிச்சை மையம் ஒன்றில் இருந்தேன். ஒரு பெண்ணுக்கு மெசேஜ் போகவில்லை. படிவத்தில் இரண்டாவது எண் இருந்தது, கூப்பிட்டேன். எடுத்தது மாமியார். “எந்த ஆஸ்பத்திரி? எதுக்கு?” என்று கேட்டார். மையத்தின் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் அதற்கப்புறம் எங்களிடம் வரவே இல்லை.

இரண்டாவது எண்ணை எல்லாரும் வாங்கி வைக்கிறோம். அந்த எண்ணில் என்ன சொல்லலாம் என்று யாரும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை.

பின்பக்கம்

நியாயம். நான் கண்ணையும் பல்லையும் மட்டும் வைத்து எழுதிவிட்டேன். இப்படிப்பட்ட இடத்தில் வேறு எண்ணில் கூப்பிடுவதை விட, ஆள் வராமல் போவதே மேல் என்றுகூட இருக்கலாம். இதற்கு மென்பொருளில் பதில் இல்லை.

முன்பதிவு_செல்வி

அதன் பிறகு நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். “நாளை” என்ற சொல்தானே வினை என்று, மறுநாளே அதை எடுத்துவிட்டுத் தேதியையும் கிழமையையும் போட்டேன். அன்று ஒருவருக்கும் மெசேஜ் போகவில்லை. எல்லாருக்கும் மறுபடி அனுப்பினேன், மறுபடியும் எல்லாம் விழுந்தது. கடைசியில் பார்த்தால், மெசேஜ் வாசகங்களை முன்கூட்டியே பதிந்து வைக்கும் டிஎல்டி தளத்தில் இருந்த வாசகம் பழையது. நான் மாற்றியதைப் பதியவே இல்லை.

பின்பக்கம்

ஒருவருக்குப் போகாவிட்டால் அவர் போனில் கோளாறு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகாவிட்டால் நம்மிடம்தான். பதிந்த வாசகத்தோடு ஒத்துப்போகாத மெசேஜை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். 2021 மார்ச்சில் இந்தச் சோதனையைக் கறாராகத் தொடங்கிய நாளில் நாடு முழுக்க ஓடிபிகளே நின்றுபோய், தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் தள்ளிவைத்தது. அதே வாசகத்தைத் திரும்ப அனுப்பினால் அதே கதிதான். பதிவு சரியாகும்வரை அன்றைய பட்டியலைப் போனில் கூப்பிட்டு முடிக்க வேண்டியதுதான். தேதி வரும் இடத்தை மாறும் இடம் என்று குறித்துப் பதியுங்கள், தினமும் மாற்றலாம்.

கடைசிபஸ்

அப்போ டெலிவர்டு என்று வந்தவரை விட்டுவிடலாம், அப்படித்தானே?

நிலா_லேப்

எண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது என்றால். விட்டுப்போன எண்ணை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் மையத்தில் ஒருவருக்குப் போக வேண்டிய நினைவூட்டல் மாதக்கணக்கில் யாரோ ஒரு லாரி டிரைவருக்கு ஒழுங்காக டெலிவர்டு ஆகிக்கொண்டிருந்தது. அவரே கூப்பிட்டு, “மேடம், நான் ஆம்பளை” என்றார்.

முன்பதிவு_செல்வி

இப்போது காலை 10 மணிக்கு மாற்றிவிட்டோம், கெடுவும் வைத்தாயிற்று. நேற்று 2 மணிக்குப் பட்டியலில் ஆறு பேர். நான்கு பேரை வீட்டார் எண்ணில் பிடித்தேன். ஒருவருக்கு எண்ணே தப்பு. ஆறாவது அதே பெரியவர், போன் அணைந்திருக்கிறது, இரண்டாவது எண்ணும் தரவில்லை. ஊர்ப் பெயரும், எந்த பஸ்ஸில் வருவார் என்பதும் மட்டும் தெரியும். அவருக்கு என்ன செய்வது?