1,900 கிளிக், 310 வருகை: மீதிப் பேர் எங்கே இறங்கினார்கள்? (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

கணக்குப்பிள்ளை

இரண்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது, அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். ஒரே பொருளுக்கு மெட்டாவில் இரண்டு விளம்பரம் ஓட்டினோம். படம் ஒன்றுதான், பட்டன் ஒன்றுதான், போய் இறங்கும் பக்கமும் ஒன்றுதான், எழுத்து மட்டும் வேறு. முதலாவதில் பன்னிரண்டு வரிக் கதை, மற்றதில் இரண்டே வரி. இரண்டும் 50,000 முறை திரையில் காட்டப்பட்டதும் பார்த்தேன். நீளமானதற்கு சி.டி.ஆர், அதாவது காட்டியதில் கிளிக் விழுந்த பங்கு, 3.8 சதவீதம், குட்டிக்கு 1.6. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று குட்டியை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. லிங்க்ட்இன்னில் ஓடிக்கொண்டிருந்த விளம்பரம் 0.9 சதவீதம்தான் காட்டியது, மூன்றையும் ஒரே தாளில் "சி.டி.ஆர்" என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டு, மெட்டா நாலு மடங்கு நன்றாக ஓடுகிறது என்று சொல்லி, லிங்க்ட்இன் பணத்தில் பாதியை இங்கே திருப்பிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் வாடிக்கையாளர் பக்கம் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் வந்திருந்தார். அதுவரை வாயே திறக்காதவர், லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "உங்கள் தாளில் 1,900 கிளிக் இருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு அந்த விளம்பரத்திலிருந்து 310 வருகைதான் வந்திருக்கிறது. மீதிப் பேர் வழியில் எங்கே இறங்கினார்கள்?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் காதில் கேட்கிறது.

வீட்டுக்கு வந்து தாளில் இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தால், நீளமான விளம்பரத்தில் Clicks (all) 1,900, Link clicks 400. குட்டியில் 800, 550. அதாவது லிங்க்கைத் தொட்டவர்கள் கணக்கில் 0.8-க்கு எதிராக 1.1. ஜெயித்ததை நிறுத்திவிட்டுத் தோற்றதற்குப் பணம் கட்டியிருக்கிறேன். லிங்க்ட்இன்னின் 0.9-உம் என் 3.8-ஐ விட மோசம் இல்லை, என் 0.8-ஐ விடக் கொஞ்சம் மேல்.

தூக்கம்வராதவன்

இதில் குழப்பமே இல்லையே. Link clicks என்றால் தளத்துக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். 400-க்கும் 310-க்கும் நடுவில் காணாமல் போன 90 எல்லாம் போலிக் கிளிக். எனக்கும் ஒரு முறை இப்படி ஆனது, ஆளே இல்லாத கிளிக்குக்குப் பணம் போனது. All என்ற நெடுவரிசையைப் பார்ப்பதே வீண்.

பழைய கை

கணக்குப்பிள்ளை, உங்கள் 1,500 பேர் எங்கேயும் இறங்கவில்லை, வண்டியிலேயே ஏறவில்லை. பன்னிரண்டு வரி எழுதினால் இரண்டு மூன்று வரிக்குப் பிறகு மடிந்து `See more` வரும். அதைத் தொட்டால் Clicks (all)-இல் ஒன்று. லைக் போட்டால் ஒன்று, கமெண்டைத் திறந்தால் ஒன்று, படத்தைப் பெரிதாக்கினால் ஒன்று, உங்கள் பக்கத்தின் பெயரைத் தொட்டால் ஒன்று. குட்டி விளம்பரத்தில் மடிப்பே இல்லை, அதனால் தொடுவதற்கு இடமே குறைவு. நீங்கள் அளந்தது விளம்பரத்தின் நீளத்தை.

அறிகுறி உங்கள் எண்ணிலேயே இருந்தது. All-ஐ Link-ஆல் வகுத்துப் பாருங்கள். நீளமானதில் ஒரு லிங்க் கிளிக்குக்குக் கிட்டத்தட்ட 4.75 கிளிக், குட்டியில் 1.45. ஒரே படம், ஒரே பக்கம் வைத்துக்கொண்டு இந்த விகிதம் இவ்வளவு விலகினால், ஆள் வருவதைத் தவிர வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். சண்டை வரவைக்கிற விளம்பரத்திலும் இப்படித்தான் ஏறும், கமெண்டைப் படிக்கத் தொடுகிறவன் எல்லாம் கணக்கில் வந்துவிடுவான்.

பழசு ஒன்று சொல்கிறேன். 2015 ஜூலை வரை ஃபேஸ்புக்கில் சி.பி.சி, அதாவது ஒரு கிளிக்கின் விலை, என்றாலே லைக், கமெண்ட் எல்லாம் சேர்ந்துதான். அப்போதுதான் அந்தச் சொல்லை லிங்க் கிளிக்குக்கு மட்டும் என்று மாற்றினார்கள். இன்றைக்கு CPC (all), CPC (cost per link click) என்று இரண்டுமே கிடைக்கும், எதை எடுத்தோம் என்பது நம் கையில். எங்கள் ஆபீசில் ஒருவர் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருந்த மாதங்களை ஒரே வரைபடத்தில் போட்டு, கிளிக் விலை ஏன் திடீரென்று ஏறியது என்று ஒரு வாரம் தேடினார். விளம்பரத்தில் ஒன்றுமே மாறவில்லை, வகுக்கிற எண்தான் சின்னதாகிவிட்டது.

நீலவானம்

தூக்கம்வராதவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு நான் மாட்டினேன். Link clicks என்றால் தளத்துக்கு வந்தவர்கள் இல்லை. போன வருடம் படிவ விளம்பரம் ஓட்டினேன், ஆப்புக்குள்ளேயே திறக்குமே, பெயரும் எண்ணும் நிரப்புகிற அது. Link clicks ஆயிரக்கணக்கில் வந்தது. தளத்தில் வருகை கிட்டத்தட்ட பூஜ்யம். டிராக்கிங் உடைந்துவிட்டது என்று நினைத்து டெவலப்பர் தம்பியை ராத்திரி பத்து மணிக்கு எழுப்பினேன், அவன் இரண்டு மணி நேரம் தேடிவிட்டு, "அக்கா, இந்த விளம்பரத்தில் நம் தளத்துக்கு லிங்க்கே இல்லை" என்றான். அந்தக் குரலை மறக்க முடியாது. படிவம் திறப்பதும் லிங்க் கிளிக்தான், மெசேஜ் பெட்டி திறப்பதும் லிங்க் கிளிக்தான். வெளியே போனவர்கள் வேண்டுமென்றால் Outbound clicks என்று தனியாக இருக்கிறது.

அரைப்படி

எனக்கும் சி.டி.ஆர் 0.7-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, படத்தை மாற்றலாமா வீடியோ போடலாமா? யாராவது சொல்லுங்கள்.

நீலவானம்

அரைப்படி, முதலில் எந்த 0.7 என்று சொல்லுங்கள், அப்புறம் படத்தைப் பார்க்கலாம்.

சீட்டுக்காரி

என் கதையில் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்ததே நான் இல்லை. தினமும் காலையில் எண்களைத் தானாக இழுத்துவந்து தாளில் போடுகிற ஒரு இணைப்பு வைத்திருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்தது, நான் கேள்வி கேட்காமல் ஐந்து மாதம் ஓட்டினேன். மெட்டாவின் ஏ.பி.ஐ-யில் `clicks` என்று வெறுமனே கேட்டால் வருவது எல்லாக் கிளிக்கும்தான், `ctr`-உம் அதே கணக்கு. லிங்க் வேண்டுமென்றால் வேறு பெயரில் கேட்க வேண்டும்:

```
fields=impressions,clicks,ctr,inline_link_clicks,inline_link_click_ctr,outbound_clicks
```

விளம்பரத் திரையில் ஒரு எண், தாளில் இன்னொரு எண், ஐந்து மாதமும் இரண்டையும் அருகருகே யாரும் வைத்துப் பார்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் மூன்றாம் நாளே கேட்டான். கூகுள் பக்கத்திலும் அந்தத் தாளில் நெடுவரிசையின் பெயர் `clicks`-தான், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் கண் அப்படியே தாண்டிப் போய்விடுகிறது.

எதிர்க்கட்சி

எல்லோரும் Clicks (all)-ஐ குப்பை என்பது போலப் பேசுகிறீர்கள். `See more` தொட்டு பன்னிரண்டு வரி படித்தவன் ஒன்றும் வீண் இல்லையே. எங்களுடையது விலை அதிகமான பொருள், படித்துவிட்டுப் போய் இரண்டு வாரம் கழித்துப் பெயரைத் தேடி வருவார்கள். குட்டி விளம்பரத்தில் லிங்க்கைத் தொட்டவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கணக்குப்பிள்ளை சொல்லவே இல்லை. 1.1 ஜெயித்தது, 0.8 தோற்றது என்று யார் சொன்னது? அவர் ஒரு தவறான நெடுவரிசையிலிருந்து இன்னொரு நெடுவரிசைக்குத் தாவியிருக்கிறார், அவ்வளவே.

பழைய கை

எதிர்க்கட்சி சொல்வதில் பாதி நியாயம். விற்பனை தெரியாமல் எது ஜெயித்தது என்று சொல்ல முடியாது, அது சரி. ஆனால் அவர் செய்த தவறு எது உயர்ந்தது என்பதில் இல்லை, இரண்டு தளத்தில் இரண்டு வேறு அளவை ஒரே பெயரில் நிறுத்தியதில். `See more`-ஐ மதிக்கிறீர்களா, மதியுங்கள், ஆனால் அதை லிங்க்ட்இன்னின் கிளிக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

அந்த லிங்க்ட்இன் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அங்கே Clicks என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த நோக்கத்துக்கு ஏற்ற, காசு பிடிக்கிற கிளிக். தள வருகை என்று வைத்தால் பக்கத்துக்குப் போகிற கிளிக். எங்கேஜ்மென்ட் என்று வைத்தால் வேறு தொடுதல்களும் சேர்ந்துகொள்ளும். ஒரே தளத்திலேயே இரண்டு கேம்பெய்னை ஒப்பிட முடியாமல் போகும். டிக்டாக்கில் Clicks (all), Clicks (destination) என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள், பெயரிலாவது தெரிகிறது. கூகுள் சர்ச்சில் தலைப்பு, சைட்லிங்க் தவிர விளம்பரத்தில் இருக்கிற போன் எண்ணைத் தொட்டாலும் Clicks-தான், அவர் தளத்துக்கு வரவே மாட்டார். அங்கே Segment போய் Click type பிரித்தால் தெரியும்.

அப்புறம் அந்த 90 பேர். போலி என்று ஒரே அடியாக முடித்துவிட்டார் தூக்கம்வராதவன். கொஞ்சம் இருக்கலாம், ஆனால் பக்கம் மெதுவாகத் திறந்தால் எண்ணும் ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே ஆள் திரும்பிவிடுவார். குக்கீக்குச் சம்மதம் தராதவர் விடுபடலாம். ஒரே ஆள் பத்து நிமிடத்தில் இரண்டு முறை தொட்டால் விளம்பரப் பக்கம் இரண்டு கிளிக், தளத்தின் பக்கம் ஒரு வருகை. எது எத்தனை என்று விளம்பரத் திரையிலிருந்து பிரிக்க முடியாது. அந்த அம்மாவிடம் சர்வர் லாக் கேளுங்கள். லிங்க்கில் விளம்பரத்துக்கென்று தனி யூ.டி.எம் குறி இருந்தால், அதே குறியோடு சர்வரைத் தட்டியது எத்தனை என்று எண்ணலாம். 400-க்குப் பக்கத்தில் இருந்தால் ஆள் வந்திருக்கிறார், எண்ணத்தான் தவறியிருக்கிறது.

தூக்கம்வராதவன்

சர்வர் லாக்கில் போலியும்தான் பதிவாகும் அண்ணா. அது எதை நிரூபிக்கும்?

பழைய கை

போலி இல்லை என்று நிரூபிக்காது, ஒத்துக்கொள்கிறேன். கிளிக் தளம் வரை வந்ததா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும்.

கணக்குப்பிள்ளை

லாக் கேட்டேன், 372 என்று வந்தது. 28 எங்கே என்று இனி நான் கேட்கப்போவதில்லை. ஆனால் 372-க்கும் 310-க்கும் நடுவில் 62 இருக்கிறது, பக்கம் மெதுவாகத் திறப்பதுதான் காரணமா என்று அந்த அம்மாவே பார்க்கிறார், சம்மதப் பெட்டி மேல் அவருக்குச் சந்தேகம்.

எதிர்க்கட்சி, விற்பனை கேட்டீர்கள். நீளமானதில் 6, குட்டியில் 7. இதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது, அதனால்தான் முதலில் எழுதவில்லை. இரண்டையும் மறுபடி ஓடவிட்டிருக்கிறேன், தாளில் நெடுவரிசையின் தலைப்பை "லிங்க் சி.டி.ஆர்" என்று மாற்றிவிட்டேன். ஏற்கனவே அனுப்பிய மூன்று அறிக்கைகளைத் திருத்தி அனுப்புவதா, அடுத்ததில் ஒரு வரி குறிப்பாகப் போட்டுவிடுவதா என்றுதான் இப்போது யோசனை.

சீட்டுக்காரி

நான் திருத்தி அனுப்பினேன். ஐந்து மாதத்தையும். இரண்டு நாள் பதிலே வரவில்லை, மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி வந்தது: "அப்படியானால் போன காலாண்டில் நிறுத்திய விளம்பரங்களின் பட்டியலையும் அனுப்புங்கள்." அதைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன், பதினொன்று வருகிறது.