மறு: மறு: ‘ரெஜீம் ஃபில்டர்’: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

மீனாட்சி, மதுரை

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை நடக்கும் பங்கு வணிக நிரல் பயிலரங்கத்துக்கான கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. ‘மூவிங் ஆவரேஜ்’ நகரும் சராசரி ஆகிவிட்டது, அதில் சண்டை இல்லை. ‘ரெஜீம் ஃபில்டர்’தான் நிற்கிறது. போன ஆண்டுக் கையேட்டில் ‘ஆட்சி வடிகட்டி’ என்று இருந்தது. தேர்தல் முடிவு வரும்வரை பங்கு வாங்கக் கூடாதா என்று மாணவர்கள் கேட்டார்களாம்.

அழகர்

சொல்லுக்கு முன் வேலையைப் பார்த்துவிடுவோம். ஒரு நிரல் இருக்கிறது. விலை மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் வாங்கு, ஐந்து சதவீதம் நட்டமானால் வெளியே வா என்று வைத்துக்கொள்ளுங்கள். காளைச் சந்தையில் இது நன்றாக ஓடும். கரடிச் சந்தையில் ஒவ்வொரு இறக்கத்திலும் வாங்கி, ஒவ்வொரு முறையும் அடிபட்டு வெளியே வரும். அதனால் மேலே ஒரு கேள்வியை வைக்கிறோம்: நேற்றைய நிஃப்டி முடிவு விலை, தன் 200 நாள் சராசரிக்கு மேல் இருந்ததா? இல்லையென்றால் இன்று வாங்கும் உத்தரவே போகக் கூடாது. இந்தக் கேள்விதான் ‘ரெஜீம் ஃபில்டர்’.

```python
sma = nifty.rolling(200).mean()
open_gate = nifty.shift(1) > sma.shift(1)
```

`shift(1)` முக்கியம். அது இல்லாவிட்டால் இன்று மாலை 3:30க்குத் தெரியப்போகும் விலையை வைத்துக் காலையிலேயே முடிவெடுத்ததாகச் சோதனை காட்டும். கணக்கு அழகாக வரும், நிஜத்தில் வராது.

புலவர் ஐயா, திருப்பரங்குன்றம்

‘ரெஜீம்’ என்பதற்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டாகச் சொல் இருக்கிறது: பொழுது. முதற்பொருள் நிலமும் பொழுதும் அல்லவா? ஆறு பெரும்பொழுதும் வாழ்க்கையின் ஒழுங்கை மாற்றுகின்றன. இன்னும் நுட்பமாகப் பாருங்கள். பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் அதுவே பாலை. கரடிச் சந்தையும் அப்படித்தான், வேறு சந்தை அல்ல, இதே சந்தை திரிந்தது. ஆகவே ‘பொழுதுவடி’ என்று முன்மொழிகிறேன்.

அழகர்

ஐயா, பாலை உவமை பிரமாதம், கையேட்டின் முதல் பக்கத்துக்கே தகும். ஆனால் நம் ஊரில் ‘பொழுதுக்குள்ள முடிச்சிரு’ என்றால் இருட்டுவதற்குள் என்று பொருள். நாள்வணிகம் செய்பவர் அதை அன்றைக்குள் முடிக்கும் வணிகம் என்றே எடுத்துக்கொள்வார். ‘பருவம்’ என்றாலும் சிக்கல். ஐப்பசி மழை கிட்டத்தட்ட சொன்ன நேரத்துக்கு வரும், கரடி அப்படி நாள் பார்த்து வராது.

காசிம், தெற்கு மாசி வீதி

அண்ணே, நானும் 200 சராசரி போட்டேன், இறங்குமுகத்திலும் வாங்கிக்கொண்டேதான் இருந்தது. இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன். சொல் எதற்கு?

அழகர்

தம்பி, எந்தப் படத்தில் போட்டீர்கள்?

காசிம்

15 நிமிட மெழுகுவர்த்திப் படம்.

அழகர்

அதுதான். சந்தை 9:15 முதல் 3:30 வரை 375 நிமிடம், அதாவது ஒரு நாளைக்கு 25 மெழுகுவர்த்தி. 200 மெழுகுவர்த்தி என்றால் எட்டே நாள். எட்டு நாள் சராசரிக்குக் கரடிச் சந்தையின் நடுவில் வரும் ஒவ்வொரு துள்ளலும் காளையாகத்தான் தெரியும். வாங்குவது 15 நிமிடப் படத்தில் இருக்கட்டும், சராசரியைத் தினசரி விலையிலிருந்து எடுங்கள். மீனாட்சி அம்மா, சொல்லில் ‘நீள்’ வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பாண்டி, மேலூர்

‘வடிகட்டி’யே தப்பு. வடிகட்டி சக்கையை நிறுத்தி மற்றதை விடும். இங்கே சக்கை, சாறு பிரிப்பு ஏது? ஒன்று எல்லாம் போகும், அல்லது எதுவும் போகாது. அது மடை. கண்மாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மடையைத் திறப்பார்கள், அடைப்பார்கள். மடை திறப்பவன்தான் மடையன், அந்தப் பெருமைக்குரிய சொல்லைப் பின்னால் திட்டாக்கிவிட்டார்கள்.

புலவர் ஐயா

அது மேடைப் பேச்சில் பரவிய கதை. மடை என்றால் சோறு, படையல். மடைப்பள்ளியைப் பாருங்கள். மடையன் என்றால் சமையற்காரன். முட்டாளைக் குறிக்கும் மடையன் ‘மடம்’ என்பதன் வழி, அதாவது அறியாமை. மூன்றையும் ஒரே குழம்பில் போடாதீர்கள்.

பாண்டி

ஐயா, மடைப்பள்ளிக்கும் தண்ணீர் வேண்டும்.

மீனாட்சி

மடையனை வேறு இழைக்குக் கொண்டுபோங்கள், தயவுசெய்து. அழகர் அண்ணா, ஒரு சந்தேகம். கீழே இறங்கினால் புதிதாக வாங்காது என்கிறீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதை விற்றுவிடுமா? அதைப் பொறுத்துத்தான் சொல்லே அமையும்.

அழகர்

சரியான கேள்வி, இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். மேலே சொன்னது உள்ளே விடாதது மட்டும். கையில் இருப்பது அதன் நட்ட வரம்பிலோ இலக்கிலோ தானாக வெளியேறும். இன்னொரு வகையில் சராசரி உடைந்ததும் எல்லாவற்றையும் விற்றுவிடும். மடை முதல் வகைக்குப் பொருந்துகிறது. அடைத்தால் வயலில் ஏற்கெனவே பாய்ந்த தண்ணீர் திரும்பிக் கண்மாய்க்கு வருமா?

2020ஐப் பாருங்கள். பிப்ரவரி 28 அன்று நிஃப்டி 11,201இல் முடிந்தது, 200 நாள் சராசரி ஏறக்குறைய 11,700. மடை அடைபட்டிருந்தது. மார்ச் 23 அன்று முடிவு 7,610, அதாவது 32 சதவீத இறக்கம். அவ்வளவு நாளும் நம் நிரல் வாங்கவில்லை. ஜூலை மூன்றாம் வாரத்தில் 10,900ஐ ஒட்டித்தான் விலை மீண்டும் சராசரியைத் தாண்டியது.

காசிம்

அப்போ 7,610லிருந்து 10,900 வரை ஏறியதும் போச்சே!

அழகர்

போச்சுதான். அடைத்த விலைக்கும் திறந்த விலைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இது லாபம் சம்பாதிக்கும் கருவி அல்ல, அந்த நிரலை அதற்கு ஒவ்வாத இடத்தில் ஓடவிடாமல் தடுப்பது. வேகமாக விழுந்து வேகமாக எழும் சந்தையில் பலன் குறைவு. 2008 போல ஜனவரியில் 6,357ஐத் தொட்டு அக்டோபரில் 2,252 வரை மாதக்கணக்கில் தேய்ந்த சந்தையில்தான் அருமை தெரியும்.

இன்னொரு தொல்லை: விலை சராசரியை ஒட்டியே ஊர்ந்தால் மடை தினமும் திறந்து மூடும்.

பாண்டி

ஒரு விரற்கடை ஏறியதற்கெல்லாம் எங்கள் ஊரில் பலகையைத் தூக்க ஓடமாட்டார்கள்.

அழகர்

அதேதான். சராசரிக்கு 2 சதவீதம் மேலே போனால் திற, 2 சதவீதம் கீழே போனால் அடை, நடுவில் இருந்தால் கடைசி நிலையிலேயே விடு. மாறும் முறை குறையும், விலையாகக் கொஞ்சம் தாமதம்.

பயிலரங்கில் நிச்சயம் வரப்போகும் பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டுத் தரவு கொடுத்தால் சுமார் 250 வர்த்தக நாள். முதல் 199 நாளுக்குச் சராசரியே கிடையாது, `NaN` வரும். அதனோடு ஒப்பிட்டால் விடை `False`. பிழைச் செய்தி வராது, மடை சும்மா அடைத்தே கிடக்கும். ஐம்பது நாள் வணிகத்தைப் பார்த்துவிட்டு ‘ஓராண்டில் நட்டமே இல்லை’ என்பார்கள். சோதனை தொடங்கும் தேதிக்கு முன்னால் குறைந்தது 200 நாள் தரவு கூடுதலாக இருக்க வேண்டும்.

மீனாட்சி

மணி பதினொன்று. ‘நீள்போக்கு மடை’க்கு நான்கு பேர், ‘நீள்போக்கு வடிகட்டி’க்கு மூன்று, ‘பொழுதுவடி’க்கு ஐயா ஒருவர். மடையை எடுத்துக்கொள்கிறேன். விற்றுவிடும் வகையைத் தனியாக ‘வெளியேற்ற விதி’ என்று போடுகிறேன்.

புலவர் ஐயா

போக்கு என்பது டிரெண்ட். ரெஜீம் அதனினும் பெரிது, ஏற்ற இறக்கத்தின் அளவை வைத்தும் ரெஜீம் பிரிப்பார்கள் என்று நேற்றுத்தான் அழகர் தொலைபேசியில் சொன்னார். நாளை அப்படி ஒன்று வந்தால் என்ன பெயர் வைப்பீர்கள்? என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும்.

அழகர்

சொன்னது உண்மைதான். ஆனால் இந்தக் கையேட்டில் இருப்பது சராசரி மட்டுமே, அது போக்கைத்தான் அளக்கிறது.

காசிம்

தினசரிக்கு மாற்றிவிட்டேன் அண்ணே. நான் வாங்கும் பங்கு நேற்று மடைக்குக் கீழே காட்டுகிறது, ஆனால் அது ஏறிக்கொண்டுதான் இருந்தது. போன வாரம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தார்கள், அதனால் இருக்குமா?

அழகர்

அதனால்தான். விலை பாதியாகியிருக்கும், சராசரியில் உள்ள முந்தைய நாள்கள் பழைய விலையிலேயே இருக்கும். போனஸுக்குச் சரிசெய்த விலைத் தரவை எடுங்கள். இல்லையேல் மடையைப் பங்கின் மேல் வைக்காமல் நிஃப்டியின் மேல் வையுங்கள்.