அண்ணன் பலூன் ஊத மறுத்துவிட்டார், வியாழக்கிழமை வழக்கு: என்ன செய்வது?

களுவாஞ்சி_தம்பி
அவசரம். அண்ணனைச் சனிக்கிழமை இரவு மறித்துப் பலூன் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஊத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்போது குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. ஊதவே இல்லை, அளவே எடுக்கவில்லை, பிறகு எப்படிக் குடித்ததாகச் சொல்லலாம்? வியாழக்கிழமை நீதவான் நீதிமன்றம். அரிஷ்டம் குடித்ததாகச் சொன்னால் தப்பலாம் என்று ஒருவர் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரையான்
எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வாகனம்? உண்மையில் குடித்திருந்தாரா இல்லையா? இவற்றைச் சொல்லாமல் கேட்டால் யார்தான் பதில் சொல்வது?

பழைய_சார்ஜன்ட்
தம்பி, இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வருகிறது, பழைய இழைகளை ஒருவரும் படிப்பதில்லை. நான் போக்குவரத்துப் பிரிவில் பத்தொன்பது வருடம் நின்றவன். ஊத மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம். அத்தோடு கதை முடிந்தது. தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். 25,000 ரூபாய்க்குக் குறையாது. அனுமதிப்பத்திரத்தையும் சில மாதம் நிறுத்திவைப்பார்கள்.

சட்டப்படி
சார்ஜன்ட் ஐயா சொல்வதில் பாதி சரி. இலங்கை மோட்டார் வாகனச் சட்டம் 151ஆம் பிரிவில்தான் இது வருகிறது. குடித்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டால், மூச்சுப் பரிசோதனைக்கோ அரச வைத்தியரின் பரிசோதனைக்கோ உடன்படும்படி பொலிஸ் அலுவலர் கேட்கலாம். சாரதி மறுத்தால் அவர் மது அருந்தியிருந்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அனுமானம் வேறு, ஒப்புதல் வேறு. வழக்கமாகக் குற்றத்தை நிரூபிக்கும் சுமை பொலிஸ் தரப்பின் மேல் இருக்கும். மறுத்தவர் விடயத்தில் அது புரண்டு, குடிக்கவில்லை என்று காட்ட வேண்டிய சுமை சாரதியின் தோளில் ஏறுகிறது. கனமான சுமைதான், ஆனாலும் இறக்கி வைக்க வழி இருக்கிறது.

களுவாஞ்சித் தம்பி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பலூனை மறுத்த பிறகு அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா? போனார்கள் என்றால் வைத்தியரின் பரிசோதனைக்கு உடன்பட்டாரா, அதையும் மறுத்தாரா? வழக்கு இதில்தான் தங்கியிருக்கிறது.

ஓட்டமாவடி_ஆட்டோ
எங்கள் நானாவுக்கும் இதே கதை நடந்தது. அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. வயிற்றுக்கு அரிஷ்டம் குடித்துவிட்டு இரண்டாவது நிமிடமே வண்டியை எடுத்தார், சந்தியில் மறித்தார்கள். குழாயில் இருந்த மஞ்சள் மணிகள் பச்சையாகிவிட்டன. அழாத குறையாகக் கெஞ்சிய பிறகு கால் மணி நேரம் ஓரமாக உட்காரவைத்து, புதிய குழாயில் மறுபடி ஊத வைத்தார்கள். நிறமே மாறவில்லை, விட்டுவிட்டார்கள். ஆகவே அரிஷ்டக் கதை பொய்யல்ல, சொல்லச் சொல்லுங்கள்.

வார்டு_ஏழு
நானாவின் கதை உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் அது இங்கே உதவாது. அரிஷ்டம், வாய் கொப்பளிக்கும் மருந்து போன்றவற்றின் மது வாய்க்குள் ஒட்டியிருந்து கருவியை ஏமாற்றும். கால் மணி நேரத்தில், மிஞ்சினால் இருபது நிமிடத்தில் அது போய்விடும். நானா தப்பியது ஊதியதால், அதுவும் இரண்டு முறை ஊதியதால். ஊதாதவருக்கு அந்த வழி எப்படித் திறக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். பொலிஸ் கொண்டுவருகிறவருக்குச் சட்ட வைத்தியப் படிவம் ஒன்று நிரப்பப்படும். அதில் பரிசோதிக்கப்படுபவர் தம் வாயால் சொன்னதை எழுத ஓர் இடம் உண்டு. அண்ணன் அன்று வைத்தியரிடம் சாராயம் என்று சொல்லியிருந்தால், வியாழக்கிழமை நீதிமன்றத்தில் அரிஷ்டம் என்பது அவர் சொன்னதை அவரே பொய்யாக்குவதாகிவிடும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

களுவாஞ்சி_தம்பி
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதினேன். கல்லடிப் பாலம் தாண்டி மறித்தார்கள், இரவு ஒன்பதரை மணி. மீன் ஏற்றும் சிறிய லொறி. கிரானில் ஒரு கலியாண வீட்டில் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் கால் போத்தல் சாராயம் குடித்தேன் என்கிறார். இழைப்பு வருத்தம் இருப்பதால் பலூனை நிரப்ப முடியாது என்று பயந்து மறுத்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், வைத்தியர் பார்க்கும்போது பதினொன்றே முக்கால். அங்கே மறுக்கவில்லை. இரத்தம் எடுக்கவில்லையாம். 'மணம் வீசுகிறது, போதையில் இல்லை' என்று வைத்தியர் எழுதியதைப் பார்த்ததாகச் சொல்கிறார்.

சட்டப்படி
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், தம்பி. உங்கள் அண்ணனின் வழக்கே இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. 'மணம் வீசுகிறது' என்பதும் 'போதையில் இருக்கிறார்' என்பதும் இரண்டு வேறு முடிவுகள்.

பழைய_சார்ஜன்ட்
இரண்டே கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எவன் போதையில் இருப்பான்? எல்லோரும் சொல்வது கால் போத்தல்தான். அரைப் போத்தல் என்று உண்மை சொன்ன ஒருவனை நான் பார்த்ததில்லை. இழைப்பு என்றால் அந்த இடத்திலேயே சொல்லி, வைத்தியரிடம் கொண்டுபோங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் அப்படிக் கேட்டவர்களைக் கொண்டுபோயிருக்கிறோம்.

வார்டு_ஏழு
கணக்குப் போட்டே பார்ப்போம். கால் போத்தல் 180 மில்லி லீட்டர். லேபிளில் 33.5 சதவீதம் என்றால் அதில் தூய மது அறுபது மில்லி லீட்டர், எடை ஏறத்தாழ 47 கிராம். எழுபது கிலோ ஆணின் உடலில் அது பரவினால் 100 மில்லி லீட்டர் இரத்தத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் வரும். நம் நாட்டின் எல்லை 80. ஈரல் மணிக்குச் சராசரியாகப் பதினைந்து அளவில் கரைக்கும். ஆறரைக்குத் தொடங்கியவருக்கு ஒன்பதரைக்குள் நாற்பத்தைந்து குறைந்து ஐம்பத்தைந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இருபதுக்குச் சற்று மேல்.

அரைப் போத்தல், அதாவது 375 மில்லி லீட்டர், குடித்திருந்தால் மறித்த இடத்திலேயே 160க்கு மேல், பதினொன்றே முக்காலுக்கும் 125க்கு மேல் இருந்திருக்கும். அந்த அளவில் பலருக்கு நடை தடுமாறும், பேச்சுக் குழறும். வைத்தியர் அதைக் காணவில்லை என்பது கால் போத்தல் கதைக்குச் சாதகமானது. ஆனால் நாளும் குடிக்கிறவர்கள் 125இலும் நேராக நின்று பேசுவார்கள், அதை நானே வார்டில் பார்த்திருக்கிறேன். உடல் எடை, வயிற்றில் சோறு இருந்ததா என்பதெல்லாம் கணக்கை மாற்றும். ஆகவே இதை நீதிமன்றத்தில் நீட்டாதீர்கள், உங்கள் புரிதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் நோகும் விடயம் ஒன்று இதில் இருக்கிறது. அவர் சொன்ன அளவு உண்மையானால், ஊதியிருந்தால் எல்லைக்குக் கீழே நின்றிருக்கக்கூடும்.

சிவா_மண்டூர்
எல்லை 30 மில்லிகிராம்தானே? காணொளியில் பார்த்தேன். 55 என்றாலும் மாட்டிக்கொள்வார்.

சட்டப்படி
அது இந்தியாவின் எல்லை. இலங்கையில் 80.

லண்டன்_காரைதீவு
இங்கே இங்கிலாந்திலும் 80தான், ஆனால் நியாயமான காரணமில்லாமல் ஊத மறுப்பதே தனிக் குற்றம். பொலிஸ் நிலையத்தில் மறுத்தால் ஒரு துளி குடிக்காதவருக்கும் அனுமதிப்பத்திரம் போகும். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு அப்படித்தான் போனது. நம் ஊரில் குடிக்கவில்லை என்று காட்டினால் தப்பலாம் என்பது மறுப்பவர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பதாகாதா? மருதமுனைப் பக்கம் என் மருமகனை இடித்தவனும் ஊத மறுத்தவன்தான். பிள்ளையின் கால் இன்றைக்கும் சரியில்லை.

ஓட்டமாவடி_ஆட்டோ
அப்படியானால் என் நானா போன்றவர்கள் எங்கே போவது? எல்லாப் பொலிஸாரும் இரண்டாவது குழாய் தருவதில்லை.

லண்டன்_காரைதீவு
உங்கள் நானா மறுக்கவில்லையே. ஊதினார், நியாயம் கேட்டார், கிடைத்தது. நான் பேசுவது மறுக்கிறவர்களைப் பற்றி.

வாவிக்கரையான்
இருவரும் தனி இழை தொடங்குங்கள். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

சட்டப்படி
அண்ணனின் விடயத்துக்கு வருகிறேன். பிரிவில் 'மூச்சுப் பரிசோதனை அல்லது வைத்தியப் பரிசோதனை' என்று இருக்கிறது. ஒன்றை மறுத்து மற்றதற்கு உடன்பட்டவர் மறுத்தவரா? உடன்பட்ட பரிசோதனையின் முடிவு கையில் இருக்கும்போது அனுமானத்துக்கு இடமில்லை என்பது என் வாதம்.

பழைய_சார்ஜன்ட்
முதலில் கேட்டதை மறுத்தவுடனேயே அனுமானம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி பிறகு நடந்த கதை. விரும்பிய பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கச் சாரதிக்கு உரிமை இல்லை.

சட்டப்படி
அப்படியே வைத்துக்கொண்டாலும் அது எதிர்மாறு நிரூபிக்கப்படும் வரைதான். வைத்தியரின் அறிக்கை அந்த நிரூபணத்தின் பகுதியாக நிற்கும். ஆனால் 'மணம் வீசுகிறது' என்ற பாதி அண்ணனுக்கு எதிராகவும் நிற்கும், அதை மறைக்க மாட்டேன். நீதவான் எந்தப் பக்கம் சாய்வார் என்று நீங்களும் நானும் இங்கிருந்து சொல்ல முடியாது.

தம்பி, வியாழக்கிழமை பெயர் கூப்பிட்டதும் அண்ணன் அவசரப்பட்டுக் 'குற்றவாளி' என்று சொல்லிவிடக் கூடாது. பலர் அன்றைக்கே முடித்துவிட்டுப் போகும் ஆசையில் அதைச் சொல்லிவிடுகிறார்கள். சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, குற்றப்பத்திரத்தில் எழுதியிருப்பது 'மது அருந்தி ஓட்டினார்' என்பது மட்டுமா, மறுத்ததும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வைத்திய அறிக்கையின் பிரதியையும் மறுத்த நேரம் பற்றிய பொலிஸ் குறிப்பையும் கேட்டுத் தவணை எடுக்கச் சொல்லுங்கள். இழைப்பு உண்மையானால் சிகிச்சை அட்டையைத் தேடி எடுங்கள். சனிக்கிழமைக்கு முந்திய திகதிகள் அதில் இருக்க வேண்டும்.

வார்டு_ஏழு
சிகிச்சை அட்டை முக்கியம். பம்ப் பாவிக்கிற எல்லோருக்கும் பலூன் நிரப்ப முடியாது என்றில்லை, பெரும்பாலானவர்கள் நிரப்பிவிடுவார்கள். அண்ணன் முயன்று பார்த்து முடியாமல் போனாரா, வாயே வைக்கவில்லையா?

களுவாஞ்சி_தம்பி
வாய் வைக்கவில்லை. பயத்தில் கையை உதறிவிட்டாராம். கிளினிக் புத்தகம் அம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறது, 2019இல் இருந்து பதிவுகள் உண்டு.

பழைய_சார்ஜன்ட்
கையை உதறியதும் பொலிஸ் குறிப்பில் இருக்கும் தம்பி. சட்டத்தரணியிடம் அதை மறைக்க வேண்டாம்.

சிவா_மண்டூர்
வியாழக்கிழமை முடிந்துவிட்டதே, என்ன நடந்தது?

களுவாஞ்சி_தம்பி
அடுத்த மாதத்துக்குத் தவணை. குற்றவாளி என்று சொல்லவில்லை. மறுத்ததும் எழுதப்பட்டிருக்கிறது. வைத்திய அறிக்கையின் பிரதி கேட்டிருக்கிறோம். லொறிக்கு இப்போது வேறு சாரதி வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

வார்டு_ஏழு
பிரதி கிடைத்ததும், அண்ணன் சொன்னதாக எழுதும் இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.