22 வாரத்தில் ஏறியது 8 கிலோவா, 6 கிலோவா?

(குழு: நம்ம வீட்டு ஆட்கள், தெம்பனிஸ்)

கவிதா: இன்று செக்கப் முடிந்தது. 22 வாரம். எடை 66 கிலோ. முதல் தடவை போனபோது 58 என்று அட்டையில் எழுதியிருக்கிறது. "8 கிலோ ஏறிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். எவ்வளவு ஏறலாம் என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள் 😔

செல்வி அத்தை: எட்டு கிலோ ஒரு எடையா? எனக்கு மூத்தவன் வயிற்றில் இருந்தபோது 22 கிலோ ஏறியது. குழந்தை 4 கிலோ 100! இரண்டு உயிருக்குச் சாப்பிடுகிறாய், வாயைக் கட்டாதே. நாளைக்கு நெய் விட்டுக் கேசரி கிண்டி எடுத்து வருகிறேன்.

மாலா அக்கா: அத்தை, அந்த 4 கிலோ 100 எப்படிப் பிறந்தான் என்பதையும் சொல்லுங்கள்.

செல்வி அத்தை: ஆபரேஷன்தான். அதற்கென்ன?

ரவி மாமா: நான் தேடிப் பார்த்துவிட்டேன். கவிதா உயரம் 158, கர்ப்பத்துக்கு முன் 60 கிலோ என்று தினேஷ் சொன்னார். பிஎம்ஐ 24. இருபத்தைந்துக்குக் கீழே என்றால் நார்மல். நார்மல் ஆளுக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம். கவலையே வேண்டாம்.

மாலா அக்கா: மாமா, எண் சரி. ஆனால் அது அமெரிக்காவில் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009இல் போட்ட கணக்கு. உலக அளவில் பொதுவாக இருக்கும் 25 என்ற கோட்டைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு இங்கே சிங்கப்பூரில் கோடு 23இலேயே விழுகிறது, அடுத்தது 27.5. ஆசிய உடம்பில் அதே பிஎம்ஐக்குக் கொழுப்பு கூடுதல், சர்க்கரை நோயும் சீக்கிரம் எட்டிப் பார்க்கும் என்பதால்தான். நம் கோட்டின்படி 24 என்பது நார்மலைத் தாண்டிவிட்டது. அப்படித் தாண்டியவர்களுக்கு அதே அமெரிக்கக் கணக்கில் 7 முதல் 11.5 கிலோ.

கவிதா: அப்படியானால் எனக்கு எது அக்கா? 16க்கும் 11.5க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி!

மாலா அக்கா: அதைச் சொல்கிறேன். முதலில் ஒன்று சொல்லு. முதல் தடவை போனபோது எத்தனை வாரம்?

கவிதா: 9 வாரம். வாந்தி அப்போது. தண்ணீர் குடித்தாலும் நிற்கவில்லை.

மாலா அக்கா: அதான் விஷயம். 60இல் இருந்தவள் வாந்தியில் 58க்கு இறங்கிவிட்டாய், அவர்கள் அதையே ஆரம்ப எடையாக எழுதிவிட்டார்கள். கணக்கு கர்ப்பத்துக்கு முந்தைய எடையிலிருந்துதான் போட வேண்டும். ஏறியது 8 இல்லை, 6. மீதி 2 நீ இழந்ததைத் திரும்பப் பிடித்தது. அந்த 60 எங்கிருந்து வந்தது? யூகமா?

கவிதா: கம்பெனி ஹெல்த் ஸ்கிரீனிங் ரிப்போர்ட். கர்ப்பமாவதற்கு முந்தைய மாதம்.

மாலா அக்கா: அடுத்த முறை அதைக் கையோடு கொண்டு போ.

யமுனா: எனக்கு நேர் எதிர். 160 உயரம், 45 கிலோ. பிஎம்ஐ பதினேழரை. கடைசி வரை 10 கிலோதான் ஏறியது, டாக்டர் "இன்னும் இன்னும்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளை 2 கிலோ 400. எல்லோரும் என்னைப் பார்த்து "ஒல்லியாக அழகா இருக்கே" என்றார்கள், ஆத்திரமாக வரும்.

மாலா அக்கா: 18.5க்குக் கீழே இருப்பவர்களுக்கு 12.5 முதல் 18 வரை. உனக்கு அது எட்டவில்லை. பிள்ளை சிறிதானது அதனால்தான் என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் விரட்டியதற்குக் காரணம் அதுதான்.

தினேஷ்: அக்கா, அப்படியானால் கவிதா இனிமேல் எடை குறைக்க வேண்டுமா? இன்றிலிருந்து இரவுச் சோற்றை நிறுத்திவிடலாமா?

மாலா அக்கா: ஐயோ, வேண்டாம் தினேஷ். கர்ப்பத்தில் எடை குறைக்கும் டயட்டே கிடையாது. ஏறும் வேகத்தைத்தான் பார்க்கிறோம். பிள்ளை, நஞ்சு, பனிக்குட நீர், பெருகுகிற ரத்தம், கருப்பை, மார்பு, உடம்பில் தங்கும் நீர் என்று பார்த்தால் குண்டோ ஒல்லியோ யாருக்கும் 8 கிலோ சொச்சம் வந்துவிடும். அதற்கு மேல் ஏறுவது கொழுப்பு, பால் கொடுக்கப் போகும் காலத்துக்காக உடம்பு சேர்த்து வைப்பது. யமுனாவிடம் அந்த இருப்பு இல்லை, புதிதாகச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இருப்பு உள்ளவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால்தான் ஆரம்ப உடம்பைப் பொறுத்து எண் மாறுகிறது.

ரவி மாமா: பிஎம்ஐ 30க்கு மேல் 5 முதல் 9 என்று போட்டிருக்கிறது. நீ சொல்கிற 8க்குக் கீழே அல்லவா வருகிறது?

மாலா அக்கா: அவர்கள் உடம்பில் இருக்கும் கொழுப்பிலிருந்து கொஞ்சம் கரைந்து ஈடுகட்டும். ஆனால் எவ்வளவு குறைவாகப் போகலாம் என்பதில் டாக்டர்களே ஒரே மாதிரி சொல்வதில்லை, அதற்குள் போக வேண்டாம்.

மாலா அக்கா: கவிதா கணக்குக்கு வருவோம். முதல் மூன்று மாதத்தில் யாருக்கும் அரை கிலோவிலிருந்து 2 கிலோதான் எதிர்பார்ப்பு. அதன் பிறகு மாமா சொல்லும் வரிசையில் வாரம் 420 கிராம், நான் சொல்லும் வரிசையில் வாரம் 280 கிராம். 22 வாரத்தில் 6 கிலோ என்பது மாமா கணக்கில் மேல் விளிம்புக்குள், என் கணக்கில் ஒரு கிலோ தாண்டியது. இன்னும் 18 வாரம் இருக்கிறது. வாரம் 280 போனால் 5 கிலோ சேரும், மொத்தம் 11. வாரம் 420 போனால் மொத்தம் பதிமூன்றரை.

ரவி மாமா: பதிமூன்றரை 16க்குள்தானே!

மாலா அக்கா: உள்ளேதான், மாமா. ஜப்பானில் 2021இல் 18.5 முதல் 25 வரை உள்ளவர்களுக்கு 10 முதல் 13 என்று வைத்தார்கள். அதன்படி பார்த்தாலும் 11 உள்ளே, பதிமூன்றரை கொஞ்சம் வெளியே. என்னைக் கேட்டால் 11ஐ மனதில் வைத்துக்கொள்வேன், 13 ஆனால் தூக்கம் கெட மாட்டேன். எந்தக் கோடு என்பதை அவள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஸ்கேனில் பிள்ளை வளர்ச்சியையும் பார்த்து.

செல்வி அத்தை: நம் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மாலா அக்கா: உண்டு அத்தை. 24லிருந்து 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து மூன்று தடவை ரத்தம் எடுப்பார்கள். இங்கே யாரையும் விடுவதில்லை. கவிதாவுக்கு அது அடுத்த மாதம் வரும். நாள் தள்ளிப் போடாதே.

கவிதா: சரி அக்கா. சாப்பாட்டில் எதைக் குறைப்பது?

மாலா அக்கா: சோற்றில் கை வைக்காதே. வேலை விட்டு எம்ஆர்டி ஏறுமுன் குடிக்கும் அந்த பப்பிள் டீ இருக்கிறதே, வாரத்துக்கு நாலைந்து?

தினேஷ்: ஐந்து 🙈

கவிதா: உங்களை யார் கேட்டார்கள்?

மாலா அக்கா: அதை விட்டால் போதும். காலை பிராட்டா இரண்டு என்றால் ஒன்று, கூட ஒரு முட்டை. எடையை வாரம் ஒரு நாள், காலையில், அதே தராசில் பார். தினமும் ஏறி நின்று மனம் குழம்பாதே. ஒரே வாரத்தில் திடீரென்று ஒன்றரை இரண்டு கிலோ ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலி வந்தால், கண் மங்கினால், அது சாப்பாடு இல்லை. ரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது.

கவிதா: ரிப்போர்ட் கிடைத்துவிட்டது, 60.2. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அட்டையில் 58ஐ மாற்றச் சொன்னால் மாற்றுவார்களா?

மாலா அக்கா: மாற்றாவிட்டாலும் பக்கத்தில் எழுதச் சொல். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் 2 கிலோவுக்கு உனக்குத் திட்டு விழும்.

ரவி மாமா: நான் இன்னும் 16 பக்கம்தான்.