"இப்போதைக்கு முடியல"ன்னு சொன்னா என்ன தப்பு?

மண்டபம் மணி: நண்டு கம்பெனில 4 வருசம் கொள்முதல் பாத்தேன், போன வருசம் விட்டுட்டு ராம்நாட்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன். நேத்து பழைய மொதலாளி போன் போட்டு, சம்பளம் கூட்டித் தாரேன், ஜூன் 15 போட் கடலுக்குப் போறதுக்குள்ள வந்துருன்னாரு. போற ஐடியா இல்ல. ஆனா தங்கச்சி கல்யாணத்துக்கு கேக்காமயே அட்வான்ஸ் குடுத்த மனுசன். எப்படிச் சொல்றது?

கீழக்கரை மச்சான்: இதுக்கு ஒரு விவாதமா. "இப்போதைக்கு முடியல மொதலாளி"ன்னு ஒரே வரி. அவரும் கோவிக்க மாட்டாரு, உனக்கும் வழி இருக்கும்.

பாம்பன் அக்கா: அந்த "இப்போதைக்கு"லதான் வம்பே. அவரு காதுல அது "மீன்பிடி தடை முடிஞ்சதும் வாரேன்"னு விழும். நான் ஆபீஸ் பாத்த இடத்துல ஒரு பையன் இப்படித்தான் சொன்னான், எங்க ஓனர் ஏப்ரல் 15ல இருந்து 61 நாளும் வேற ஆள் எடுக்காம உக்காந்துருந்தாரு, கடைசில கரையில எடை போட ஆளில்லாம நண்டெல்லாம் பக்கத்து கம்பெனிக்குப் போயிருச்சு. இன்னைக்கும் அவன் பேர எடுத்தா மூஞ்சத் திருப்புறாரு. வரலன்னதுக்கு இல்ல, காக்க வச்சதுக்கு.

மணி, ரெண்டு நாளைக்கு மேல இழுக்காம போன்ல பேசு, அப்புறம் வாட்ஸப்ல இப்படிப் போடு: "மொதலாளி, திரும்பக் கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. கல்யாணத்துக்கு நீங்க செஞ்சத மறக்கமாட்டேன். இங்கயே இருந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன், அதனால வரல. புது ஆளுக்கு எடைக்கணக்கு சொல்லிக்குடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை வாரேன்." சம்பளத்தக் காரணமா சொல்லிராத, சொன்னா இன்னும் ரெண்டாயிரம் ஏத்துவாரு, நீ பேரத்துல மாட்டிக்குவ.

கீழக்கரை மச்சான்: "வரல"வாம்! மூஞ்சில அடிச்ச மாதிரி. நாளைக்கு அந்தக் கடைய மூடிட்டா அக்காவா சோறு போடும்?

தொண்டி பாய்: மணி தம்பி, திரும்பப் போகாதீங்க. நான் 3 வருசம் பாத்துட்டு ராஜினாமா பண்ணி, மறுபடி அங்கயே போயி 3 வருசம் பாத்தேன், 6 வருசமாச்சேன்னு கிராஜுவிட்டி கேட்டா இல்லேன்னுட்டாங்க. பழைய பி.எஃப்பும் போச்சு.

பாம்பன் அக்கா: பாய், அவரு போகவே போறதில்லங்க, எப்படி மறுக்குறதுன்னுதான் கேக்குறாரு. ராஜினாமா பண்ணிட்டுப் போனா சர்வீஸ் மொதல்ல இருந்துதான், அது சரி. பி.எஃப் எங்கயும் போகாது, யூ.ஏ.என் நம்பர் ஒண்ணுதான், பழசப் புதுசுக்கு மாத்திக்கலாம்.

கீழக்கரை மச்சான்: வந்துட்டாங்க வக்கீலம்மா. ஐஸ் கம்பெனி விவகாரத்துலயும் இப்படித்தான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுனீங்க, என்னாச்சு?

பாம்பன் அக்கா: அது வேற கதை. அங்கயும் நீ இதே "இப்போதைக்கு"தான் சொன்ன.

மண்டபம் மணி: அக்கா, நீங்க எழுதுனதுக்கு முன்னாடியே பேசிட்டேன். நன்றியெல்லாம் சொன்னேன், வாய் தவறி "இப்போதைக்கு"ன்னு வந்துருச்சு. "சரி தம்பி, தடை முடியவும் பேசுவோம்"னு வச்சுட்டாரு.

கீழக்கரை மச்சான்: கோவிச்சாரா? இல்லைல்ல? அவ்ளோதான்.

பாம்பன் அக்கா: கோவிக்கலய்யா, காத்துக்கிட்டு இருக்காரு! மணி, இன்னைக்கே மெசேஜப் போடு, "வரல"ங்கிறது அதுல இருக்கணும்.

கீழக்கரை மச்சான்: போடாத மணி.

தொண்டி பாய்: யூ.ஏ.என் நம்பர் தொலைஞ்சு போச்சுன்னா எங்க கேக்கணும்?