புதுப்பிப்பு: ஒரு மாணவர் மணிநேரத்துக்கு எவ்வளவு அடக்கம்?

முன்பு நான் கேட்டது: "என் கம்ப்யூட்டர் சென்டர்ல 10 சிஸ்டம், 5 பேட்ச். மணிக்கு 32 ரூபாய்தான் அடக்கம், 60 வாங்குறேன். அப்புறம் ஏன் கையில நிக்கல?"

மாதம் வாடகை 15,000, மாஸ்டர் சம்பளம் 20,000, கரண்ட்டும் நெட்டும் 5,000. மொத்தம் 40,000. நான் அதை 10 சீட் × 5 மணி × 25 நாள், அதாவது 1,250ஆல் வகுத்திருந்தேன். தப்பு அங்கேதான் என்று கணக்கர் ஒருவர் காட்டினார். பதிவேட்டில் பேட்ச் வாரியாக 9, 3, 2, 8, 10 பேர். ஆக 32 பேர், 800 மணி. அடக்கம் 50 ரூபாய். காலி சீட்டின் வாடகையையும் உட்கார்ந்தவர்தான் சுமக்கிறார்.

"2 பேர் வரும் மதிய பேட்ச்சை மூடுங்க" என்றார் இன்னொருவர். பாதி சரி. மாஸ்டருக்கு மாதச் சம்பளம், வாடகையும் குறையாது. மூடினால் 750 மணிதான் மிஞ்சும், அடக்கம் 53க்கு மேல் ஏறும் (கரண்ட் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான்). மணிக்கு 160 கொடுத்து மாஸ்டர் வைத்திருந்தால் கதை வேறு: இரண்டு பேரிடம் 120 வந்து 160 போகும், அப்போது மூடலாம். இப்போதைக்கு இருவரையும் 3 பேர் பேட்ச்சில் சேர்த்து, காலியான மணியில் புது பேட்ச் தேடுகிறேன். இரண்டு பேட்ச்சிலும் டேலி படிப்பதால் இது முடிந்தது.

தட்டச்சு நிலையம் நடத்துபவர் தன் கணக்கைப் போட்டிருந்தார். அங்கே ஆள் எந்த மணியிலும் வந்து தட்டலாம், பேட்ச்சே கிடையாது. இங்கே ஒட்டாது.

சிஸ்டம் தேய்மானத்தை இன்னும் சேர்க்கவில்லை. 3 வருஷமா 5 வருஷமா என்று இழுபறி ஓடுகிறது.